கிணறு ஊறுகிற அளவுக்குத்தான் இறைக்கலாம்

(ரெக்ஸ்டேலில் நடைபெற்ற எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "நான் பேச்சாளன் இல்லை, எனக்கு மேடைத் தமிழ் வராது" என்று சொன்னேன். "உங்களுக்கு நெஞ்சுவருத்தம் வந்து எழும்பின கதையைச் சொல்லுங்கோ, அதுவே காணும்" என்றார்கள். ஆனபடியால் இன்றைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். விழுந்து எழும்பின ஒருவன் தனக்கு எவ்வளவு வேலை வைத்துக்கொள்ளலாம், அதை எப்படி அளக்கலாம் என்பதுதான் இதிலே நான் படித்த பாடம். அதைப் படிக்க முன்னர் இரண்டு தரம் பிழைவிட்டேன். அந்தப் பிழைகளையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முந்தி, மார்கழி மாதக் கடைசியில், வெயர்ஹவுசில் இரவு ஷிப்ற் முடித்து வந்த காலை எனக்கு மாரடைப்பு வந்தது. அப்போது எனக்கு வயது 53. கிழமையில் ஐந்து இரவு அங்கே வேலை, சனி ஞாயிறு இன்னொரு இடத்தில் காவல் வேலை. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ற் வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். குழாய் திறந்தாயிற்று, இனி எல்லாம் சரி என்று நான் நினைத்தேன். அது முதல் பிழை. குழாய் திறந்தாலும், அடைபட்டிருந்த நேரத்தில் காயப்பட்ட இதயத் தசை ஆறுவதற்குக் கிழமைக் கணக்கில் காலம் வேண்டும். அந்தக் கிழமைகளில் உடம்பிலே பழைய பலம் இருக்காது.

ஆனால் கடன்காரனுக்கு அது தெரியாதே. படுக்கையில் கிடந்தபடி ஒரு காகிதம் எடுத்து எழுதினேன். ஆறாம் கிழமை வேலைக்குப் போகவேண்டும். எட்டாம் கிழமை இரண்டாவது வேலையும் தொடங்கவேண்டும். வவுனியாவில் இருக்கிற தம்பிக்கு மாதம் 400 டொலர் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன், நின்றுபோன இரண்டு மாதத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும். காகிதத்தில் இருந்ததெல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆனால் அந்தக் காகிதத்தை எழுதியது என் கடனும் என் ரோசமும். என் உடம்பை நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஐந்தாம் கிழமை ஒருநாள் நன்றாக நித்திரை கொண்டு எழும்பினேன். வெளியே முழங்கால் அளவு ஸ்னோ. மனிசி வேலைக்குப் போய்விட்டா. "இண்டைக்குச் சுகமாத்தானே இருக்கு" என்று நினைத்து சவளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் ட்றைவ்வேயை வழித்தேன். வழிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் நெஞ்சு இறுகியது. அம்புலன்ஸ் வந்தது. அன்றிரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இன்னொரு மாரடைப்பு இல்லை, கடவுள் காப்பாற்றினார். ஆனால் அடுத்த ஐந்து நாள் குளியலறைக்குப் போய்வரவே களைத்தது.

ஸ்னோ அள்ளுவது ஏன் இவ்வளவு மோசம் என்று பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மெல்ல நடப்பதற்கு இரண்டு, மூன்று மடங்கு போகும். ஈர ஸ்னோவைக் கையால் அள்ளி எறிவதற்கு ஆறு மடங்குக்கு மேல் போகலாம். அதோடு குளிரிலே இரத்தக் குழாய்கள் சுருங்கும், மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். எல்லாம் ஒரே நேரத்தில் அந்த இதயத்தின் தலையில் விழுகிறது. இங்கே இருக்கிற அண்ணைமாருக்குச் சொல்கிறேன், நெஞ்சுவருத்தம் வந்தவர்கள் சவளை வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுங்கோ. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு இருபது டொலர் கொடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

அதற்குப் பிறகு குடும்ப டொக்டர் என்னை இதய மறுவாழ்வு வகுப்புக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பிசியோ பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும், ஒரு கொப்பியைத் தந்து, "ஒரு கிழமைக்கு ஒண்டையும் மாத்தாதேங்கோ. ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிசம் நடந்தீங்கள், அடுத்த நாள் காலமை எப்பிடி இருந்தது எண்டு மட்டும் எழுதுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னா. எழுதினேன். திங்கள் 45 நிமிசம். செவ்வாய் 5. புதன் ஒன்றுமில்லை. வியாழன் 15. வெள்ளி 40. சனி ஒன்றுமில்லை, ஞாயிறும் ஒன்றுமில்லை.

கொப்பியைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை சொன்னதை நான் மறக்கமாட்டேன். "நீங்கள் சுகமான நாளிலை இரண்டு நாளின்ரை பலத்தைச் செலவழிக்கிறீங்கள், பிறகு இரண்டு நாள் கடன் கட்டுறீங்கள்." ஏழு நாளும் கூட்டினால் 105 நிமிசம். ஏழால் பிரித்தால் ஒரு நாளைக்கு 15. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, "ஒரு நாளைக்கு 12 நிமிசம் நடவுங்கோ. சுகமான நாளும் 12, சுகமில்லாத நாளும் 12" என்றா.

எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. ஊரிலே ஒன்பது மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினவன். எனக்குப் பன்னிரண்டு நிமிசமா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனிசியோடும் கோபித்தேன்.

அந்த இரவுதான் ஐயாவின் நினைவு வந்தது. எங்களுக்கு நீர்வேலியில் வெங்காயத் தோட்டம் இருந்தது. ஐயாவின் சின்ன வயதில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்களாம். என் காலத்தில் மிசின் வந்துவிட்டது. ஒருநாள் ஐயா இல்லாத நேரம், தோட்டம் முழுவதையும் ஒரே காலையில் இறைத்து முடிக்கலாம் என்று நான் மிசினை நிற்பாட்டாமல் விட்டேன். தண்ணி கலங்கி வந்தது, பிறகு மிசின் காற்றை இழுத்தது. ஐயா வந்து பேசினார்: "தோட்டம் எவ்வளவு பெரிசு எண்டு பாத்து இறைக்கிறதில்லையடா. கிணறு எவ்வளவு ஊறுது எண்டு பாத்துத்தான் இறைக்கிறது."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே நல்ல தண்ணியாக மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் வருசம் முழுக்க நல்ல தண்ணி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறிவரும். உவரான கிணறு திரும்ப நல்ல கிணறு ஆவதற்கு ஒரு மாரி காணாது. பன்னிரண்டு நிமிசம் என்பது என் தோட்டத்தின் அளவு இல்லை, அன்றைக்கு என் கிணறு ஊறுகிற அளவு. இது விளங்கினவுடன் கோபம் போய்விட்டது.

அடுத்த நாள் தொடங்கினேன். வெளியே குளிர் என்றபடியால் அல்பியன் மோலுக்குள் நடை. காலையில் எங்களைப் போல இன்னும் நாலைந்து வயசாளிகள் அங்கே சுற்றுவார்கள். எவ்வளவு வேகமாக நடப்பது என்பதற்கும் ஒரு அளவு சொன்னார்கள். எனக்குத் தருகிற பீற்றா புளொக்கர் குளிசை இதயத் துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். ஆனபடியால் நாடி பிடித்துப் பார்த்து "துடிப்பு ஏறவில்லை, இன்னும் வேகமாகப் போகலாம்" என்று நினைப்பது பிழை. அதற்குப் பதிலாகக் களைப்பையே அளக்கச் சொன்னார்கள். குன்னர் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் 1960களில் செய்த அளவுகோல் அது. 6 என்றால் ஒரு களைப்பும் இல்லை, 20 என்றால் இதற்கு மேல் ஏலாது. எங்களுக்குச் சொன்னது 11க்கும் 13க்கும் இடையில். இலக்கம் விளங்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: நடந்துகொண்டு பக்கத்து ஆளோடு கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாமல் இருக்கவேண்டும். பாட முடிந்தால் கொஞ்சம் எட்டி நடக்கலாம். கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே மெதுவாக்கவேண்டும்.

அதைவிட முக்கியமான அளவு ஒன்று இருக்கிறது, அது அடுத்த நாள் காலை. நடந்து முடிந்த கையோடு உடம்பைக் கேட்டால் அது பொய் சொல்லும். ஸ்னோ வழித்த நாளும் எனக்கு அப்போது சுகமாகத்தானே இருந்தது. அடுத்த நாள் எழும்பும்போது வழமைபோல இருந்தால் நேற்றைய அளவு சரி. எழும்ப ஏலாமல், செய்ய இருந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டி வந்தால் நேற்றைய அளவு கூடிப்போய்விட்டது.

ஒரு கிழமை முழுவதும் 12 நிமிசம் ஒழுங்காகப் போனதால் அடுத்த கிழமை 14. அதற்கடுத்த கிழமை 16. நாலாம் கிழமை காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கை. பழைய ஆளாக இருந்திருந்தால் நாலாம் நாள், விட்ட நடையையும் சேர்த்து நடந்திருப்பேன். இந்தமுறை முதலே சொல்லி வைத்திருந்தார்கள்: காய்ச்சலோடு நடக்கக்கூடாது, விட்டதை ஈடு செய்யவும் கூடாது, திரும்பித் தொடங்கும்போது பாதியில் தொடங்கவேண்டும். ஆகவே 8 நிமிசம். ஐந்தாம் கிழமை 12, ஆறாம் கிழமை 16, பிறகு 18, 20. ஒன்பதாம் கிழமை ஒரு நாளைக்கு 22 நிமிசம், ஏழு நாளும். பெருக்கிப் பாருங்கோ, கிழமைக்கு 154 நிமிசம். வளர்ந்த ஆட்களுக்குக் கிழமைக்கு 150 நிமிசம் வேண்டும் என்று இந்த நாட்டில் சொல்கிற அளவை நான் தொட்டுவிட்டேன். விழுந்து விழுந்து நடந்த காலத்தில் 105, அடக்கி நடந்த காலத்தில் 154.

இந்த முறை இன்று நேற்று வந்தது இல்லை. 1950கள் வரைக்கும் மாரடைப்பு வந்தவரை ஆறு கிழமை கட்டிலை விட்டு இறக்காமல் வைத்திருந்தது உண்டு. பிறகு அந்த எண்ணம் மாறியது. எங்கள் ரொறன்ரோவிலேயே டொக்டர் டெரன்ஸ் கவனா என்பவர், மாரடைப்பு வந்தவர்களை அளந்து அளந்து நடக்க வைத்து, பிறகு மெல்ல ஓட வைத்தார். அவருடைய நோயாளிகள் சிலர் 1973ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓடினார்கள். 42 கிலோமீற்றர்! இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் மரதன்தான் நினைவில் நிற்கும். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்திய நடை. ஒருவராவது 42 கிலோமீற்றரில் தொடங்கவில்லை. ஒவ்வொருவருடைய உடம்பும் அன்றைக்குத் தாங்குகிற அளவைச் சோதித்துப் பார்த்து, அதற்குக் கீழே தொடங்கி, அது பழகின பிறகுதான் கூட்டினார்கள். எல்லோருக்கும் மரதன் தேவையும் இல்லை. எனக்கு வேலைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

வேலைக் கதைக்கு வருகிறேன். நடைக்குப் பிடித்த கணக்கைத்தான் வேலைக்கும் பிடித்தேன். முதலில் காசு. வருத்தத்துக்கான வேலைக் காப்புறுதிப் பணம் முந்தி 15 கிழமைதான் தந்தார்கள். 2022 மார்கழியில் அதை 26 கிழமையாகக் கூட்டினார்கள். சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான், ஆனால் 26 கிழமை இருக்கிறது என்று தெரிந்தவுடன் "ஆறாம் கிழமை" என்ற என் காகிதத்தைக் கிழிக்க முடிந்தது. எங்கள் ஆட்கள் பலர் இதை முழுதாக விசாரிக்காமல் பாதி வருத்தத்தோடு வேலைக்கு ஓடுகிறோம்.

பிறகு, டொக்டரிடம் கடிதம் வாங்கினேன். முதல் இரண்டு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம், பகல் வேலை, பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. அது ஒழுங்காகப் போனால் அடுத்த இரண்டு கிழமை நாலு நாள். அதன் பிறகு மணித்தியாலத்தைக் கூட்டுவது. நாளையும் மணித்தியாலத்தையும் பாரத்தையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது, ஒன்று ஒன்றாகத்தான். ஒன்றாகக் கூட்டினால் எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ஏலாது. இப்படிக் கேட்பது பிச்சை இல்லை. ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டப்படி, நோயால் இயலாமை வந்த ஆளுக்கு, தாங்க முடியாத சிரமம் ஏற்படாத அளவுக்கு வேலையை மாற்றிக்கொடுக்கிற கடமை முதலாளிக்கு இருக்கிறது.

முதல் நாள் நாலு மணித்தியாலம் முடித்து வந்து பின்னேரம் மூன்று மணிக்கே படுத்துவிட்டேன். அப்போது இன்னொன்று விளங்கியது. கிணற்றில் இருந்து இறைக்கிற பட்டை ஒன்று இல்லை. குளிப்பது ஒரு பட்டை, பஸ்சுக்கு நிற்பது ஒரு பட்டை, இரவு ஊருக்கு ரெலிபோன் எடுத்து அங்கத்தைய துன்பங்களைக் கேட்பது பெரிய பட்டை. வேலை நாட்களில் நடையைப் பத்து நிமிசமாகக் குறைத்தேன், ரெலிபோன் கதையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். குறைக்காமல் கூட்டினது எதுவும் எனக்கு நிலைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டம் தம்பிக்குச் சொன்னதுதான். இரண்டாவது வேலையை நான் திரும்ப எடுக்கவில்லை. மாதம் 400 அனுப்ப ஏலாது என்று கணக்குப் பார்த்து இரண்டு மாதமாகத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்கிடையில் ஒரு மாதம் கடன் பட்டு 400 அனுப்பினேன், அடுத்த மாதம் ஒன்றும் அனுப்பவில்லை. பாருங்கோ, ஸ்னோ வழித்த அதே பழக்கம். அதுதான் என் இரண்டாம் பிழை. கடைசியில் சொன்னேன்: "தம்பி, இனி 150தான் ஏலும்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணை, 150 எண்டால் 150. ஆனால் மாசாமாசம் வருமோ? வருமெண்டால் அதுக்கேத்த மாதிரி நாங்கள் சமாளிப்பம். எப்ப வரும், எப்ப வராது எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் கஷ்டம்" என்றான். இரண்டு வருசத்துக்கு மேலாக ஒரு மாதமும் தவறவில்லை.

நான் சொன்ன கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். கோவிட்டுக்குப் பிறகும் வேறு வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகும் சிலருக்கு மாதக் கணக்கில் களைப்பு நிற்கிறது. அவர்களில் சிலர் சின்ன வேலை செய்தாலும் ஒருநாள் இரண்டுநாள் கழித்து விழுந்துபோவார்கள். அப்படியானவர்கள் கிழமைக்கு இரண்டு நிமிசம் கூட்டுகிற வேலையைச் செய்யக்கூடாது. நாட்பட்ட களைப்பு நோய்க்கு அப்படிக் கூட்டிக்கொண்டு போகும் பயிற்சியைக் கொடுக்கவேண்டாம் என்று பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டிகளே 2021இல் மாற்றி எழுதினார்கள். அவர்களுக்குக் கிணற்றுக்குள் நிற்பதுதான் இலக்கு, கூட்டுவது பிறகு. நெஞ்சுவருத்தக்காரருக்கும் எல்லை உண்டு. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, குளிர் வியர்வை வந்தால் நிற்பாட்டுங்கோ, போகாவிட்டால் 911. ஓரிரு நாளில் இரண்டு கிலோ நிறை ஏறி, கணுக்கால் வீங்கினால் டொக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கோ.

இன்னொன்று, நாங்கள் வாய்விட்டுச் சொல்லாதது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. எனக்கும் வந்தது. காலையில் யன்னல் சீலையை இழுத்துத் திறப்பதே அன்றைய இலக்காக இருந்த நாட்கள் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் அப்படி இருந்தால் அது சோம்பல் இல்லை, அதுவும் வருத்தம், அதற்கும் மருந்து உண்டு. டொக்டரிடம் சொன்னபோது ஆண்பிள்ளை அழுதேன். அதற்குப் பிறகுதான் நித்திரை வந்தது.

இப்போது நான் கிழமைக்கு ஐந்து பகல் வேலை செய்கிறேன், இரவு இல்லை. வெயில் காலத்தில் ஹம்பர் ஆற்றோரப் பாதையில் நாற்பது நிமிசம் நடக்கிறேன். பழைய ஆள் இல்லை. மோர்ட்கேஜை நீட்டிக் கட்டுகிறோம், முடிய இன்னும் ஐந்து வருசம் கூடச் செல்லும். அதையும் மனிசியோடு இருந்து கணக்குப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டோம்.

வருசப்பிறப்புக்குப் பெரியவர்கள் எங்களுக்குக் கைவிசேஷம் தருவார்கள். வீட்டிலே இருக்கிற காசு முழுவதையுமா தருகிறார்கள்? வெற்றிலையோடு ஒரு சின்னக் காசு. அதைத்தான் வருசம் முழுக்கப் பெருகும் என்று கண்ணில் ஒற்றி வாங்குகிறோம். கஷ்டகாலம் ஒன்றால் வந்துகொண்டிருக்கிற யாராவது இந்தச் சபையில் இருந்தால், இந்த வருசப்பிறப்புக்கு ஒரு கொப்பி வாங்கி ஏழு நாள் எழுதிப் பாருங்கோ. கூட்டுங்கோ, ஏழால் பிரியுங்கோ, ஐந்தில் ஒன்று கழியுங்கோ. மிஞ்சுகிறதில் தொடங்குங்கோ. அடுத்த நாள் காலை உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.